தவணைத் திகதியை எங்கிருந்து எண்ணுவது?

*அண்ணா, நான் மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் உள்ள ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். பாசிக்குடா, அறுகம்பே விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஒப்பந்தத்தில் பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தவணை போட்டிருக்கிறார்கள்: கிரிட்டிக்கல் 7 நாள், ஹை 30, மீடியம் 90, லோ 180. ஒவ்வொரு ஓட்டைக்கும் திறக்கிற டிக்கெட்டுகளைப் பார்க்கிற பொறுப்பு என் தலையில். சேர்வர்களில் ஓட்டை தேடுகிற ஸ்கேன் கிழமைக்கொரு தரம் ஓடுகிறது. மூடின டிக்கெட் புதுத் திகதியோடு திரும்பி வருகிறது. டெவலப்பர்மார் கிரிட்டிக்கலை மீடியமாக்கி விடுகிறார்கள். விடுதிக்காரர் சீசன் முடியும்வரை சேர்வரில் கை வைக்க விடுகிறார்கள் இல்லை. மனேஜருக்கு மாதாமாதம் ஒரு வீதம் வேண்டும். நான் நாளை எங்கிருந்து எண்ணுவது?*

தங்கச்சி, ஸ்கேனர் அந்த ஓட்டையை அந்தக் கணினியில் முதன்முதல் கண்ட நாளிலிருந்து எண்ணுங்கள். டிக்கெட் திறந்த நாள் கணக்கில் வராது, டெவலப்பரின் கைக்குப் போன நாளும் வராது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்காக சி.ஐ.எஸ்.ஏ என்ற அமைப்பு 2019இல் விட்ட பணிப்புரையும் இப்படித்தான் சொன்னது: முதலில் கண்டுபிடித்த நாளிலிருந்து, லீவு நாளும் சேர்த்து, கிரிட்டிக்கலுக்கு 15 நாள், ஹைக்கு 30 நாள். டிக்கெட் திறந்த நாளை எடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வெள்ளி இரவு ஸ்கேன் ஓடுகிறது, அறிக்கையைத் திங்கள் யாரும் திறக்கவில்லை, செவ்வாய்தான் டிக்கெட் போடுகிறீர்கள். ஏழு நாளில் நான்கு போய்விட்டது, ஆனால் உங்கள் அட்டவணையில் ஒன்றும் போகவில்லை. அறிக்கையைத் திறக்கப் பிந்தப் பிந்த அவகாசம் கூடுகிற முறை அது.

லீவு நாளைக் கழிக்கலாமா என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள், குறிப்பாகச் சித்திரை வருசத்துக்கு முதற்கிழமை. கழிக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் "வேலை நாள்" என்று எழுதியிருந்தால் மட்டும் கழியுங்கள். ஸ்கேனர் எழுதும் நேரம் பெரும்பாலும் யூ.டி.சி என்ற உலகப் பொது நேரம். அதில் இரவு ஏழரை என்றால் நமக்கு அடுத்த நாள் விடிய ஒரு மணி. ஏழு நாள் தவணையில் ஒரு நாள் பிசகினாலே சண்டை வரும், ஆகவே எல்லாத் திகதியையும் இலங்கை நேரத்துக்கு மாற்றி ஒரே முறையில் வையுங்கள்.

இனி, மூடின டிக்கெட் திரும்பி வருகிற கதை. மற்ற மூன்று தொல்லையையும்விட இதுதான் பெரிது, ஏனென்றால் இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கருவி தன் பாட்டில் அவகாசத்தை நீட்டிக் கொடுக்கிறது.

ஸ்கேனர் ஒரு சேர்வரை இரண்டு விதமாகப் பார்க்கும். வெளியிலிருந்து போர்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பது ஒன்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று வாசிப்பது மற்றது. உங்கள் டிக்கெட்டுகளில் பெரும்பகுதி இரண்டாவது வழியில்தான் வரும். யாரோ அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஸ்கேனரில் மாற்ற மறந்தால், ஸ்கேன் "வெற்றி" என்று முடியும். ஆனால் உள்ளே போயிராது. உள்ளே இருந்த ஓட்டைகள் அறிக்கையில் இல்லை. டிக்கெட் முறையோ, அறிக்கையில் இல்லாததைத் திருத்திவிட்டதாக எடுத்து மூடிவிடும்.

ஒரு டிக்கெட்டை வைத்துப் பார்ப்போம். மார்ச் 3ஆம் திகதி ஒரு ஹை ஓட்டை முதலில் தெரிகிறது. தவணை ஏப்ரல் 2. மார்ச் 10இலும் இருக்கிறது. 17ஆம் திகதி ஸ்கேனரால் உள்ளே நுழைய முடியவில்லை, டிக்கெட் தானாக மூடுகிறது. 24ஆம் திகதி கடவுச்சொல்லைச் சரி செய்கிறார்கள், ஓட்டை திரும்பத் தெரிகிறது, புது டிக்கெட் திறக்கிறது, தவணை ஏப்ரல் 23. யாரும் ஒரு வேலையும் செய்யாமல் 21 நாள் கிடைத்திருக்கிறது. அதுவும் போதாதென்று, மார்ச் மாதக் கணக்கில் "தவணைக்குள் திருத்தியது" என்று ஒன்று கூடியிருக்கும்!

இதை எப்படிப் பிடிப்பது? ஒரு சேர்வரில் போன கிழமை அறுபது ஓட்டை இருந்து இந்தக் கிழமை ஐந்தாகக் குறைந்தால் சந்தோசப்பட வேண்டாம். மிஞ்சிய ஐந்தும் போர்ட், சான்றிதழ் மாதிரி வெளியிலிருந்தே தெரிகிற சங்கதிகள் என்றால், ஸ்கேனர் உள்ளே போகவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. அறிக்கையிலேயே உள்நுழைவு சரிவந்ததா என்று ஒரு வரி இருக்கும், அதைக் கிழமைதோறும் முதலில் வாசியுங்கள். டிக்கெட் மூடும் விதியையும் மாற்றுங்கள். "அறிக்கையில் இல்லை" என்பது போதாது. "அந்த ஸ்கேனில் அந்தச் சேர்வருக்குள் வெற்றிகரமாக நுழைந்து பார்த்தும் இல்லை" என்றால்தான் மூட வேண்டும். டெவலப்பர் "பேட்ச் போட்டாச்சு" என்று எழுதினால் அது சரிபார்ப்புக்குக் காத்திருக்கிற நிலை, மூடிய நிலை அல்ல. அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்க முடியாவிட்டால் அந்த ஒரு சேர்வருக்கு மட்டும் ஸ்கேனைக் கையால் ஓட்டுங்கள்.

இரண்டாவது காரணமும் உண்டு. ஸ்கேனர் சேர்வரை ஐ.பி முகவரியால் அடையாளம் வைத்திருந்தால், முகவரி மாறினதும் அது புதுச் சேர்வர், எல்லாம் புது டிக்கெட். ஒரு ஓட்டைக்கான அடையாளத்தைச் சேர்வரின் பெயர், ஓட்டையின் இலக்கம், அது இருக்கிற இடம் என்ற மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள்:

```
booking-02 | CVE-2021-45046 | /opt/booking/lib
```

புதிதாக ஒன்று வரும்போது இந்த அடையாளம் பழைய டிக்கெட் எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழையதைத் திறந்து, முதலில் கண்ட திகதியை அப்படியே விடுங்கள். ஒரு விதிவிலக்கு: உண்மையாகவே திருத்தி, சரிபார்த்து மூடிய ஓட்டை, செயலியைக் கட்டி வைத்திருக்கிற பழைய கொண்டெய்னர் இமேஜை யாரோ ஏற்றினதால் திரும்பி வந்தால் அது புதுச் சம்பவம். புதுத் தவணை கொடுங்கள், ஆனால் "திரும்பி வந்தது" என்று குறியுங்கள். அந்தக் குறி மாதத்துக்கு மாதம் கூடினால், பேட்ச் போடுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. இமேஜ் கட்டும் இடத்தில்தான் பழைய பொதி குந்திக்கொண்டிருக்கிறது.

தரத்தை மாற்றுவது அடுத்தது. டெவலப்பர்மார் எப்போதும் தப்பவே பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனர் காட்டும், ஓட்டையின் கடுமையைப் பத்துக்குள் அளக்கிற சி.வி.எஸ்.எஸ் புள்ளியில் 9.0உம் அதற்கு மேலும் கிரிட்டிக்கல், 7.0 முதல் 8.9 வரை ஹை, 4.0 முதல் 6.9 வரை மீடியம், அதற்குக் கீழே லோ. அந்த அடிப்படைப் புள்ளிக்கு உங்கள் இடம் தெரியாது. அறுகம்பே விடுதியின் முன்பதிவுப் பக்கம் உலகம் முழுக்கத் திறந்திருக்கிறது. அதே ஓட்டை உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடுகிற பரீட்சார்த்த சேர்வரிலும் இருக்கலாம். ஸ்கேனர் இரண்டுக்கும் ஒரே புள்ளி போடும். "அங்க வெளியால இருந்து யாரும் வரேலாது, இது ஏழு நாள் வேலை இல்ல" என்று டெவலப்பர் சொன்னால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சி.வி.எஸ்.எஸ் முறைக்குள்ளேயே சூழலைப் பொறுத்துப் புள்ளியைத் திருத்த இடமும் இருக்கிறது.

ஆகவே குறைப்பதைத் தடுக்காதீர்கள், தடயம் இல்லாமல் குறைப்பதைத் தடுங்கள். அட்டவணையில் ஸ்கேனர் கொடுத்த தரத்துக்கு ஒரு பத்தி, நீங்கள் முடிவு செய்த தரத்துக்கு இன்னொரு பத்தி. முதலாவதை யாரும் தொடக்கூடாது. குறைக்கிறவர் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, ஃபயர்வோல் விதியையோ படத்தையோ இணைக்க வேண்டும். ஒப்புதல் தருகிறவர் அந்த ஓட்டையைத் திருத்த வேண்டிய ஆளாக இருக்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள கம்பனி என்றாலும் இன்னொரு ஆள் இல்லாமலா போகும்? சி.ஐ.எஸ்.ஏ 2021 நவம்பரிலிருந்து, உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுகிற ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அதில் பெயர் இருந்தால் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

தரம் மாறும்போது தவணை என்னவாகும் என்பதில்தான் பலரின் அட்டவணை குழம்புகிறது. கூடுவதும் குறைவதும் ஒரே விதிக்குள் அடங்காது. 2021 டிசம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். லொக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் புள்ளி 10.0 உடைய பெரிய ஓட்டை வெளிவந்தது, `CVE-2021-44228`. அதற்கு வந்த 2.15.0 பதிப்பு முழுமையான திருத்தம் அல்ல என்று தெரிந்து `CVE-2021-45046` என்று இன்னொரு இலக்கம் கொடுத்தார்கள். டிசம்பர் 14இல் அது வெளியானபோது புள்ளி 3.7 மட்டும்தான். சேவையை முடக்கலாம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். சில நாளிலேயே, அதை வைத்து உள்ளே புகுந்து நிரலை ஓட்டவும் முடியும் என்று தெரியவர, புள்ளி 9.0 ஆனது. லோவாக இருந்தது கிரிட்டிக்கல்.

உங்கள் தவணைப்படி கணக்குப் பார்ப்போம். 14ஆம் திகதி லோ என்று டிக்கெட், 180 நாள், தவணை 2022 ஜூன் 12. உங்கள் அட்டவணையில் 17ஆம் திகதி கிரிட்டிக்கலாக மாற்றியதாக வைத்துக்கொள்வோம். முதலில் கண்ட நாளிலிருந்து ஏழு நாள் என்றால் 21ஆம் திகதி. மாறிய நாளிலிருந்து என்றால் 24. இங்கே மூன்று நாள்தான் வித்தியாசம். ஆனால் அந்த டிக்கெட் நூறு நாள் லோவாகக் கிடந்து பிறகு கூடியிருந்தால்? முதலாவது முறைப்படி, மாறிய நிமிடமே அது 93 நாள் பிந்தியதாகிவிடும். தெரியாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது அது, அப்படிக் காட்டுகிற அட்டவணையைக் கொஞ்ச நாளில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் தரம் கூடினால் மாறிய நாளிலிருந்து எண்ணுங்கள். அப்படி வரும் திகதி பழைய தவணைக்குப் பிந்தி விழுந்தால் பழைய தவணையே நிற்கட்டும். தரம் கூடியதால் யாருக்கும் அவகாசம் கூடக்கூடாது.

தரம் குறைந்தால் முதலில் கண்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும். குறைத்த நாளிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு குறைப்பும் புது அவகாசம் கொடுக்கும். பைத்தனில் இவ்வளவுதான்:

```python
from datetime import timedelta

def new_due(first_seen, old_due, changed, days, raised):
    if raised:
        return min(old_due, changed + timedelta(days=days))
    return first_seen + timedelta(days=days)
```

இதில் ஓர் இடம் மட்டும் நிரலுக்கு வெளியே நிற்கிறது. ஜூன் 1இல் கண்ட கிரிட்டிக்கலுக்குத் தவணை ஜூன் 8. 10ஆம் திகதி, தவணை தாண்டிய பிறகு, அதை மீடியமாக்குகிறார்கள். புதுத் தவணை ஆகஸ்ட் 30 என்று விழும், சிவப்பு பச்சையாகும். குறைத்த காரணம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், 8ஆம் திகதி அது கிரிட்டிக்கலாகத்தான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. தவணை மாறட்டும், ஆனால் "ஜூன் 8இல் தவறியது" என்ற பதிவு போகக்கூடாது. அதற்குத் தனிப் பத்தி வையுங்கள். ஒன்று சொல்கிறேன், இந்தப் பத்தியைப் போட்ட பிறகு தவணைக்கு முதல்நாளே குறைப்புக் கோரிக்கைகள் வரத் தொடங்கும். அது நல்லதுதான். ஓட்டையை யாரோ வாசித்திருக்கிறார்கள்.

இனி, சீசன். சர்ஃபிங் காலத்தில், வெளிநாட்டவர் நிறைந்திருக்கிற அறுகம்பே விடுதிக்காரர் "இப்ப சேர்வர்ல கை வைக்காதங்க, சீசன் முடியட்டும்" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருடைய வருசச் சம்பாத்தியமே அந்த மாதங்கள்தான். ஆனால் அதற்காகத் தவணையை நிறுத்தி வைக்காதீர்கள். பல டிக்கெட் மென்பொருள்களில் "வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பு" என்று போட்டால் கணக்கு நிற்கும். பாதுகாப்பு டிக்கெட்டுக்கு அந்த வசதியை எடுத்துவிடுங்கள், நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தாக்க வருகிறவனுக்குத் தெரியாது.

அதற்குப் பதில் விலக்கு எழுதுங்கள். தவணை அப்படியே ஓடும், தாண்டினால் தாண்டியதாகவே இருக்கும், பக்கத்தில் விலக்கு நிற்கும். விலக்கில் முடிவுத் திகதி இருக்க வேண்டும். இடைக்கால ஏற்பாடு என்ன என்று எழுத வேண்டும். கையொப்பம் விடுதிப் பக்கத்திலிருந்து வர வேண்டும், ஏனென்றால் விருந்தினரின் கடவுச்சீட்டு விபரம் களவு போனால் பதில் சொல்லப்போவது முதலில் அவர்கள்தான். கிரிட்டிக்கலுக்கு "ஒக்டோபர் வரை" என்று ஒரேயடியாக எழுதாதீர்கள். 30 நாளுக்கு எழுதுங்கள், முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் கையொப்பம் வைக்க வேண்டும் என்று ஆகும்போது பல விடுதிக்காரர் "சரி, ஒரு மணித்தியாலம் எடுத்துச் செய்யுங்க" என்று இறங்கி வருவார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தை எப்போது எடுப்பது என்பதையும் யோசியுங்கள். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு விடிய மூன்று மணி என்பார்கள். கோடையில் பாரிஸிலும் பெர்லினிலும் அப்போது இரவு பதினொன்றரை, வீட்டிலிருந்து அறை தேடுகிற நேரம் முடிந்திருக்காது. விடிய ஐந்தரை என்றால் அங்கே இரண்டு மணி. ஆனால் அவுஸ்திரேலிய விருந்தினர் கூடிய விடுதி என்றால் அந்தக் கணக்கும் பிழைக்கும். விடுதியின் அணுகல் பதிவில் மணிக்கணக்காக எண்ணிப் பார்த்துவிட்டு விடுதிக்காரரோடு பேசினால் அவர் மறுப்பது கஷ்டம்.

இடைக்கால ஏற்பாட்டை வைத்து டிக்கெட்டை மூடவும் கூடாது. திரும்ப லொக்4ஜேக்கே வருகிறேன். முதல் ஓட்டை வந்தபோது பதிப்பை உயர்த்த நேரமில்லாதவர்கள் `log4j2.formatMsgNoLookups=true` என்ற அமைப்பைப் போட்டார்கள். இரண்டாவது ஓட்டைக்கு அது காப்பாகவில்லை. போட்டுவிட்டு டிக்கெட்டை மூடியவர்களின் பட்டியலில் அந்தச் சேர்வர்கள் இல்லை, யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை. விலக்கோடு திறந்தே வைத்திருந்தவர்களுக்கு எங்கெங்கே போக வேண்டும் என்று பட்டியல் கையிலிருந்தது. இரண்டுக்கும் தாக்குப்பிடித்த இடைக்கால வழி, அந்த நூலகக் கோப்பிலிருந்து பிழையான பகுதியையே எடுத்துவிடுவது:

```
zip -q -d log4j-core-*.jar org/apache/logging/log4j/core/lookup/JndiLookup.class
```

பிறகு செயலியை மீளத் தொடங்க வேண்டும். பதிப்பு இலக்கம் மாறாததால் பதிப்பை மட்டும் வாசிக்கிற ஸ்கேனர் ஓட்டை இன்னும் இருக்கிறதென்றே சொல்லும். அதுவும் சரிதான், 2.16.0க்கோ அதற்குப் பிந்திய பதிப்புக்கோ போகும்வரை டிக்கெட் திறந்தே இருக்கட்டும்.

மனேஜரின் வீதத்துக்கு வருவோம். அவர் கேட்பது "மூடியதில் எத்தனை தவணைக்குள்?" என்றுதான் இருக்கும். அதை அப்படியே கொடுக்காதீர்கள். ஒரு மாதத்தில் 20 டிக்கெட் மூடுகிறீர்கள், 18 தவணைக்குள், இரண்டு முந்திய மாதத்து நிலுவை. 90 வீதம், பார்க்க அழகு. அதே மாதத்தில் தவணை விழுந்த டிக்கெட் மொத்தம் 30. 18 முடிந்தது, 12 இன்னும் திறந்து கிடக்கிறது. மூடாததால் அந்தப் பன்னிரண்டும் முதல் கணக்கில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதம் தவணை விழுந்தவற்றில் எத்தனை நேரத்துக்கு முடிந்தது என்று கேட்டால் 60 வீதம். இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும், விலக்கு உள்ளவற்றைக் கழிக்காமல், பக்கத்தில் "இதில் இத்தனைக்கு விலக்கு" என்று எழுதி. முதல் மாதம் மனேஜரின் முகம் சுருங்கும். வீதத்தோடு சேர்த்து, தவணை தாண்டித் திறந்திருப்பதில் மிகப் பழைய ஐந்தைச் சேர்வர் பெயரோடு போடுங்கள். 60 என்ற எண்ணை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது, "booking-02, 47 நாள்" என்றிருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும்.

உங்களுக்கு நாளாந்தம் வேண்டியது அந்த வீதம் அல்ல. டிக்கெட்டுக்கு ஜிரா பாவிக்கிறீர்கள் என்றால், திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி இதை வையுங்கள்:

```
project = SEC AND statusCategory != Done AND due <= 7d ORDER BY due ASC
```

தாண்டியதும் வரும், இனி ஒரு கிழமைக்குள் தாண்டப்போவதும் வரும். இதைத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மேலிருந்து கீழே வாசித்தால் போதும்.

இப்போதிருக்கிற டிக்கெட்டுகளின் திகதியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த விதிகளைப் போட்டதும் அது முன்னால் வந்து நிற்கும். பழைய ஸ்கேன் அறிக்கைகள் எங்காவது கிடக்கும். அவற்றைத் திகதி வரிசையில் ஓட்டி, மேலே சொன்ன அடையாளத்தை வைத்து ஒவ்வொரு ஓட்டையும் முதலில் எந்த அறிக்கையில் வந்தது என்று எடுங்கள். அதுதான் உண்மையான முதல் திகதி. பாதி டிக்கெட் ஒரே இரவில் சிவப்பாகும் என்பதால், அட்டவணையை மாற்றுவதற்கு முதல் மனேஜரிடம் சொல்லி வையுங்கள். ஒப்பந்தம் செய்த விடுதிக்காரருக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள்: முதலில் கண்ட நாள், தரம் கூடினால் எப்படி, குறைந்தால் எப்படி, விலக்கில் கையொப்பம் யாருடையது என்ற நான்கையும் ஒரு பக்க இணைப்பாக ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் சொன்ன தவணைகளில் 7, 30, 90, 180 என்ற எண்கள் இருக்கின்றன, எங்கிருந்து என்பது இல்லை. அந்த இணைப்பு கையொப்பமாகும்வரை இப்போதைய தவணைகளின்படியே அறிக்கை போகட்டும், புதுக் கணக்கை இரண்டாவது பத்தியாகப் பக்கத்தில் வையுங்கள்.